பட்டாவில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு,

எங்கள் ஈரோடு பக்கத்துத் தலைவர் ஒருவரின் தாத்தாவுக்கு எவ்வளவு காடு தோட்டம் இருந்தது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், எல்லோரும் காட்டுவது இன்றைய பட்டாவைத்தான். பட்டா இப்போது வரி யார் பெயரில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், தாத்தா காலத்தைச் சொல்லாது. 1980களில் யூடிஆர் என்று நடந்த நிலப் பதிவேடு புதுப்பிப்பில் சர்வே எண்களே பல மாறிவிட்டதால், முதலில் பழைய எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துப் பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்தால் புன்செய்யா நன்செய்யா, தீர்வை எவ்வளவு என்பது தெரியும்; வானம் பார்த்த பத்து ஏக்கரும் காலிங்கராயன் வாய்க்கால் பாயும் பத்து ஏக்கரும் ஒன்றா என்ன?

அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம். அங்கே சொத்துப் பத்திரங்களைப் பதியும் முதல் புத்தகத்தில் உள்ள கிரயம், பாகப் பத்திரம் ஆகியவற்றின் நகலைக் கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம். வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், தகப்பனார் பெயரையும் ஒத்துப் பாருங்கள். பாகப் பத்திரத்தில் கிணற்றில் எத்தனை பங்கு என்று எழுதியிருந்தால், அந்தக் குடும்பத்தின் வசதி ஏக்கர் கணக்கைவிட அதில்தான் தெரியும்.

ஒரு வாசகர், ஈரோடு