ஷெட் அடுப்படியில் மாதாமாதம் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள் ஐயா

முகாம் பொறுப்பாளர் ஐயாவுக்கும், ஷெட்டில் சேர்ந்து சமைக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

நான் மொரீசியஸுக்குக் கம்பி கட்ட வந்தவன். அதற்கு முன் சென்னையில் நான்கு வருடம் ஹோட்டல் சமையலறைகளில் பூச்சி மருந்து வைக்கும் வேலை பார்த்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். மற்ற சைட்களில் இருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஆள் வந்து அடுப்படி முழுக்க மருந்து அடித்துவிட்டுப் போகிறார். மறுநாள் காலையில் செத்த கரப்பானைக் கூட்டி அள்ளுகிறோம், மனசு ஆறுகிறது. நான்காவது வாரம் பழையபடி அரிசிப் பானை மூடியில் ஊர்கின்றன.

போன முறை மருந்து அடிப்பதற்கு முன் ஐந்து இடங்களில் பசை அட்டை வைத்து, காலையில் எண்ணினேன். பிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் 41, அடுப்பு மேடைக்கு அடியில் 23, கட்டில் வரிசையில் 2. மருந்து அடித்த மூன்றாம் இரவு பிரிட்ஜ் பின்னால் 12 ஆகக் குறைந்தது. ஆனால் கட்டில் பக்கம் 15 ஆகிவிட்டது. நாலு வாரம் கழித்து பிரிட்ஜ் பின்னால் மறுபடியும் 44. மருந்து வாடை தாங்காமல் ஓடியவை, பிளைவுட் தடுப்பின் இடுக்கு வழியாக நாம் படுக்கும் பக்கம் வந்திருக்கின்றன.

இவை சாக்கடையில் இருக்கும் பெரிய கரப்பான் அல்ல. அரை அங்குல நீளம், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. பெண் பூச்சி முட்டைக் கூட்டை வாலில் ஒட்டியபடியே சுமந்து திரியும். ஒரு கூட்டில் முப்பது, நாற்பது முட்டை. அந்தக் கூட்டுக்குள் மருந்து சரியாக இறங்காது. தாய் செத்தாலும் சில கூடுகள் பொரிக்கும். இந்த வெயில் காலத்தில் முட்டை பொரிக்க இரண்டு மூன்று வாரம் போதும். அதனால்தான் அடுத்த மருந்து வருவதற்குள் குஞ்சுகள் தயாராகி நிற்கின்றன. போதாக்குறைக்கு, அடிக்கடி படும் மருந்துக்கு இந்த இனம் பழகியும் போய்விடும். நாம் சமைக்கும் மேடையில் அந்த மருந்து படிவதுதான் மிச்சம்.

இதற்குச் சரியானது விஷம் கலந்த ஜெல். பூச்சி அதைத் தின்றுவிட்டு இடுக்குக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். மிளகு அளவில் சின்னச் சின்னப் புள்ளியாக, நிறைய இடத்தில் வைக்க வேண்டும். பிரிட்ஜ் மோட்டார் பக்கம், பிளைவுட் சட்டம் கூடும் மூலை, மேடையின் அடிவிளிம்பு என்று இருட்டான இடம் பார்த்து, கை படாமலும் உணவு படாமலும் வைப்பேன். பெரிய கட்டியாக வைத்தால் காய்ந்து வீணாகும். அடுப்புச் சூடு படும் இடத்திலும் சீக்கிரம் காய்ந்துவிடும். முக்கியமாக, அதன் மேலோ பக்கத்திலோ ஸ்ப்ரே அடித்தால் பூச்சி அதைத் தொடாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்கிறேன்.

தோழர்களே, ஜெல் என்பது ஒரு சாப்பாடுதான். பக்கத்தில் மீன் பொரித்த எண்ணெய் தெறித்துக் கிடந்தால் பூச்சி அதைத்தான் தின்னும். நாம் நாலு குழுவாகச் சமைக்கிறோம், காலை நாலு மணிக்குத் தொடங்கி ராத்திரி பத்து வரை அடுப்பு எரிகிறது. ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தைத்தான் கழுவுகிறோம், சுவரில் தெறித்த எண்ணெய் யாருடையதும் இல்லை. கடைசியாகச் சமைக்கும் குழு அடுப்பைத் தூக்கி, அடியையும் சுவரையும் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுப் படுக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு குழு கடைசியாகச் சமைக்கட்டும், அப்போது பாரம் ஒருவர் தலையில் விழாது. வங்காளதேச அண்ணன்களிடம் பேசினேன், அவர்களுக்கும் சம்மதம். வெங்காயம் வரும் அட்டைப் பெட்டியை உள்ளே வைக்காதீர்கள், முட்டைக் கூடு சுமக்கும் பூச்சி அதன் மடிப்பில் ஒளிந்து வந்து சேரும்.

ஐயா, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வருகிற சனிக்கிழமை மருந்து அடிப்பவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று குழாய் ஜெல்லும் பத்துப் பசை அட்டையும் வாங்கித் தாருங்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் சொட்டும் குழாயைச் சரி செய்யுங்கள். இந்தப் பூச்சி சாப்பாடு இல்லாமல்கூடச் சில வாரம் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. பிளைவுட் இடுக்கை அடைக்க, ஜன்னல் வேலையில் மிச்சமாகும் சிலிகான் போதும், நானே அடைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடையைக் கழுவிவிட்டு ஜெல் வைக்கிறேன், இரண்டு வாரம் கழித்துக் காய்ந்ததை மாற்றுகிறேன். ஒவ்வொரு திங்கள் காலையும் அட்டையில் எண்ணிய கணக்கை அடுப்படிக் கதவில் எழுதி வைப்பேன். ஆறாவது வாரம் பிரிட்ஜ் பின்னால் பத்துக்கு மேல் இருந்தால், எந்த இடுக்கை விட்டுவிட்டேன் என்று நானே தேடிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஷெட், கம்பி கட்டும் குழுவிலிருந்து