வரம்புக்குள் இருந்தும் கழற்றிய புஷிங்

மாப்பிள்ளை,

பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஷட்டவுன் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். நீ சொன்னதைக் கேட்டிருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன், அது வேறு கதை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் 220 கேவி டிரான்ஸ்ஃபார்மரில் ஆர் ஃபேஸ் புஷிங் டான் டெல்டா 0.58 சதவீதம். எண்ணெய் ஊறிய காகித வகை. மேலாளர் உடனே, "தரநிலை 0.7 வரை விடுதே, சார்ஜ் பண்ணுங்க" என்றார். அந்த 0.7 தொழிற்சாலையிலிருந்து வரும் புது புஷிங்குக்கான உச்ச வரம்பு என்று யார் சொல்வது? நான்தான். நேம்பிளேட்டில் 0.31. முந்தைய சோதனையில் 0.42. பக்கத்திலேயே நிற்கும் ஒய், பி இரண்டும் இன்றைக்கும் 0.32தான். ஒரே நாள், ஒரே எண்ணெய்ச் சூடு, அப்புறம் வெயில், வெப்பநிலை என்று எதைக் காரணம் சொல்வது?

போர்சலினை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தோம், ஏனென்றால் மேற்பரப்பு ஈரம் இந்த அளவை எப்படி வேண்டுமானாலும் இழுத்துவிடும், சில நேரம் மைனஸில்கூடக் காட்டும். மாறவில்லை. கேப்பாசிட்டன்ஸ் 400 பிகோஃபாரட், நேம்பிளேட்டில் உள்ளதேதான். உள்ளே ஃபாயில் அடுக்கு ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தால் அது சில சதவீதமாவது ஏறியிருக்கும். 2 கேவியிலும் 10 கேவியிலும் ஒரே டான் டெல்டா, அதனால் உள்ளே டிஸ்சார்ஜ் நடக்கிறது என்று சொல்ல வழியில்லை. ஃப்ரீக்வென்சியை 50 ஹெர்ட்ஸிலிருந்து இறக்கிப் பார்த்தால் மட்டும் எண் நன்றாக ஏறியது. அங்கேதான் சந்தேகம் முழுக்க ஈரத்தின் பக்கம் போனது.

மேலாளர் விடவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினார்: புஷிங்குக்குக் கிடைப்பது 127 கேவி, இழப்பு 6 வாட்டிலிருந்து 12 வாட், இதுக்கா இவ்வளவு? கணக்கு சரிதான்! ஆனால் அது புஷிங் முழுக்கப் பரவிய சராசரி. ஈரம் ஓரிடத்தில் தங்கினால் சூடும் அங்கேதான் பிறக்கும், சூடானால் இழப்பு இன்னும் ஏறும், அது இன்னும் சூடாக்கும். லோடில் கீழே எண்ணெயும் சூடாக இருக்கும்போது, காகிதம் அந்தச் சூட்டை வெளியே விட முடியாத நிலை வந்தால் நிறுத்த முடியாது. புஷிங் வெடித்தால் போர்சலின் சில்லு எங்கெங்கே பறக்கும், தீ எப்படிப் பிடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் மாற்றினோம். கழற்றியதும் மேல் டெர்மினல் கேஸ்கெட்டைப் பார்க்கணுமே, ரப்பர் கல்லாய் இறுகி ஒரு பக்கம் பிளந்து கிடந்தது. மேலாளர் அதைக் கையில் உருட்டிக்கொண்டே வேறு பேச்சு பேசினார்.

உங்கள் யூனிட்டும் அதே வயசுதானே? பழைய ரிப்போர்ட்டுகளை எனக்கு அனுப்பு, ஃபேஸ் வாரியாக அடுக்கிப் பார்க்கலாம். அப்புறம், அளந்து முடித்ததும் டெஸ்ட் டேப் மூடியைத் திரும்பப் போட்டு டேப் எர்த் ஆகிறதா என்று நீயே பார். மறந்து மிதக்க விட்டால் நல்ல புஷிங்கையே டேப்பில் எரித்துவிடுவோம், உன் ஆட்களை எனக்குத் தெரியும்.

சேகர்