அபராதத்துக்கு முன்னால் பலகை சரியாக நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையில் வேலை செய்யும் தொழிலாளர்களின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் ஓட்டுநர்களுக்குத் தனியாகக் கடுமையான அபராதம் வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். சாலை ஒப்பந்தப் பணிகளில் களப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் கோரிக்கையை முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். ஆயினும், எந்த இடத்திலிருந்து எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை ஓட்டுநருக்கு உரிய தூரத்திலேயே, அவர் நம்பும்படியாகச் சொல்லியிருந்தால்தான் அந்த அபராதம் நியாயமாகும். அப்போதுதான் அது நீதிமன்றத்திலும் நிற்கும். நம் சாலைகளில் பெரும்பாலும் அப்படிச் சொல்லப்படுவதில்லை என்பதே என் கவலை.

இன்றைய சட்டத்தில் சாலைப் பணியிடத்துக்கென்று தனிக் குற்றம் எதுவும் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி, வேக வரம்பை மீறும் கார் ஓட்டுநருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகன ஓட்டுநருக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். வெற்றுச் சாலையில் வேகமாகப் போனாலும், குனிந்து தார் பரப்பிக்கொண்டிருக்கும் பத்துப் பேருக்கு இரண்டடி தள்ளி அதே வேகத்தில் போனாலும் அந்தப் பிரிவின்படி தண்டனை ஒன்றுதான். பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் கவனமற்ற செயலுக்காகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் யாருக்கும் காயம் ஏற்படாதபோது அந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகி நான் பார்த்ததில்லை. எனவே தனி அபராதம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இனி பலகைக்கு வருகிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைப் போன்ற ஒரு நான்குவழிச் சாலையில், மையத்தடுப்பை ஒட்டிய தடத்தை மூடி, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துப் புதுத் தார்க்கலவை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாகனங்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி ஆகும் என்று இந்தியச் சாலைக் கழகத்தின் வடிவமைப்பு விதிகள் கணக்கிடுகின்றன. அந்த நேரத்துக்குள் வண்டி 55 மீட்டர் ஓடியிருக்கும். முழுமையாக நிற்க 120 மீட்டர் வேண்டும். இப்போது நாம் வழக்கமாகக் காணும் காட்சியை நினைத்துப் பாருங்கள்: 'வேலை நடைபெறுகிறது' என்ற ஒற்றைப் பலகை, சுரண்டிய பள்ளத்துக்கு ஐம்பது மீட்டர் முன்னால் சாய்ந்து நிற்கிறது. ஓட்டுநர் அதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி பள்ளத்தை எட்டிவிடும். அவரிடம் அபராதம் வாங்குவதால் அங்கே வேலை செய்பவர் பிழைக்கப் போவதில்லை.

பணியிடங்களில் போக்குவரத்தை நெறிப்படுத்த அதே கழகம் வெளியிட்ட ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி, இந்த இடத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது: முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் படிப்படியாகக் குறுகும் பகுதி, வேலைப் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி. 80 கிலோமீட்டர் வேகம் உள்ள சாலைக்கு முன்னெச்சரிக்கைப் பகுதி 300 மீட்டர் வரையும், தடம் குறுகும் பகுதி 100 மீட்டர் வரையும் இருக்க வேண்டும். வேகம் 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒரு கிலோமீட்டர் முன்பே தொடங்க வேண்டும். 300 மீட்டர் என்பது ஓட்டுநருக்குப் பதின்மூன்று விநாடிக்கு மேல் அவகாசம் தருகிறது. அதற்குள் வேலை நடப்பதை அறிவிக்கும் பலகை, வலது தடம் மூடியிருப்பதைக் காட்டும் பலகை, 60, பிறகு 40 என்று வேகத்தைப் படியிறக்கும் பலகைகள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், அவர் பதறாமல் இடது தடத்துக்கு மாறிவிடுவார். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிட்ட வண்டி 45 மீட்டரில் நிற்கும். கொடி காட்டுபவரின் உயிர் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இந்தப் பலகைகளைச் சாலையின் இடப்புறத்தில் மட்டும் வைப்பது போதாது. வலது தடத்தில் வருபவருக்கும் இடப்புறப் பலகைக்கும் நடுவே ஒரு லாரி ஓடிக்கொண்டிருந்தால் அவர் எதையும் காண மாட்டார். அவருக்காகவே மையத்தடுப்பின் மேலும் அதே பலகையை வைக்க வேண்டும்.

கூம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடம் குறுகும் பகுதியில் அவற்றைச் சாய்கோட்டில் நெருக்கமாக வைத்தால்தான் கண்ணுக்கு ஒரு சுவர் போலத் தெரியும். ஒரு கூம்புக்கும் அடுத்த கூம்புக்கும் இடையே நீண்ட இடைவெளி விட்டால், நம் ஊரில் இருசக்கர வாகனங்கள் அதையே குறுக்குவழியாக எடுத்துக்கொண்டு, சுரண்டிய தளத்திலும் உருளை இயந்திரத்துக்கு முன்னாலும் போய் நிற்கின்றன. எடை இல்லாத கூம்பைப் பேருந்து கிளப்பும் காற்றே உருட்டிவிடும். அது உருளாமல் இருக்க அடியில் மணல் பை வைக்க வேண்டுமே தவிர, பாறாங்கல்லையோ சிமெண்டுக் கட்டியையோ வைக்கக் கூடாது, ஏனென்றால் வண்டி இடித்தால் அந்தக் கல்லே பறந்து போய்த் தொழிலாளியைத் தாக்கும். வெள்ளையடித்த கற்களையும், தார் பீப்பாய்களையும், ஒடித்துப் போட்ட மரக்கிளைகளையும் கூம்புக்குப் பதிலாகப் பயன்படுத்துவது இன்னும் மோசம். வேலை முடிந்ததும் கூம்பை எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஏனெனில் அது காசு. கல்லை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அன்று இரவு அந்தக் கல்லில் மோதி விழுபவர் எந்தக் கணக்கிலும் சாலைப் பணியால் பாதிக்கப்பட்டவராக வருவதில்லை. ஒளி திருப்பும் பட்டைகளும் தூசி படிந்தால் பகலில் வெள்ளையாகத் தெரிந்தாலும் இரவில் முகப்பு விளக்குக்கு ஒளிராது. நாள்தோறும் மாலையில் ஒருவர் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கூம்பு வரிசை முடியும் இடத்துக்கும் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விட வேண்டும். கட்டுப்பாட்டை இழந்து உள்ளே நுழையும் வண்டி நிற்பதற்கான இடம் அது. அங்கே ஆளோ பொருளோ இருக்கக் கூடாது. நடைமுறையில் தண்ணீர் லாரியை அங்கேதான் நிறுத்துகிறார்கள், மதிய வெயிலில் அந்த லாரியின் நிழலில்தான் தொழிலாளர்கள் சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; வேறு நிழல் ஏற்பாடு செய்து தராதவர்களே அதற்குப் பொறுப்பு.

இத்தனையும் தெரிந்தும் ஏன் செய்யப்படுவதில்லை என்று கேட்டால், பெரும் பகுதி விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பணி விவரக்குறிப்பில், வேலைக் காலப் போக்குவரத்து ஏற்பாடுகளைப் பற்றிய 112-ஆம் பிரிவு, தற்காலிக மாற்றுப்பாதை அமைப்பது போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றை வேலையோடு சேர்ந்த செலவாகவே கருதுகிறது. பலகைக்கும் கூம்புக்கும் கொடி காட்டுபவருக்கும் தனியாகப் பணம் கிடையாது. எனவே வைக்காத ஒவ்வொரு கூம்பும் ஒப்பந்ததாரருக்கு மிச்சம். தார்க்கலவையின் தடிமனை அளந்து பணம் தரும் பொறியாளர், பலகைகளின் தூரத்தை அளப்பதில்லை, அளக்கச் சொல்லி அவருடைய அளவுப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. நாளுக்கு இத்தனை பலகை, இத்தனை கூம்பு, இத்தனை ஆள் என்று தனி இனமாக எழுதி, அன்றைக்கு வைத்திருந்தால் மட்டும் பணம் என்று மாற்றினால், நிலைமை வெகுவாக மாறும் என்பது என் உறுதியான கருத்து. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றாத ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பு அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது; ஆனால் அது மரணமோ ஊனமோ நேர்ந்த பிறகே பாயும். அன்றாடத் தவற்றைத் தடுக்க அது உதவாது.

வேக வரம்புப் பலகையைப் பற்றி ஒரு சட்ட நுணுக்கத்தையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்திலும் ஒரு 112-ஆம் பிரிவு உண்டு; அதன்படி, ஒரு சாலையில் வேகத்தைக் குறைக்க மாநில அரசோ அது அதிகாரம் அளித்தவரோ அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, உரிய இடங்களில் பலகையும் நட வேண்டும். கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாதபோது மட்டும் அறிவிக்கை தேவையில்லை. மேம்பால வேலைகளோ ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. அறிவிக்கை இல்லாமல் ஒப்பந்ததாரரின் ஆட்கள் நட்ட '20 கி.மீ.' பலகையின் பேரில் அபராதம் போட்டால், வழக்காடத் தெரிந்த ஓட்டுநர் எளிதில் தப்பித்துவிடுவார். அதைவிடப் பெரிய கேடு, வேலை முடிந்தும் அகற்றாத பலகை. ஞாயிற்றுக்கிழமையும் நள்ளிரவும் ஆளே இல்லாத இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையைத் தொடர்ந்து பார்க்கும் ஓட்டுநர், உண்மையிலேயே ஆட்கள் நிற்கும் நாளிலும் அதை மதிக்க மாட்டார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பணியிட வேக மீறலுக்கு இரட்டிப்பு அபராதம் உண்டு. ஆனால் அந்த இடம் பணியிடமாக முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், மீறல் நடந்தபோது அங்கே தொழிலாளர்கள் இருந்திருக்கவும் வேண்டும். நமக்கும் அந்த நிபந்தனையோடுதான் சட்டம் வேண்டும். தொழிலாளர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் பலகையைத் திறந்து வைத்து, அவர்கள் போனதும் மூடிவிட்டு, இரண்டையும் நேரத்துடன் பதிவேட்டில் எழுதினால், காவல் துறைக்கு அந்தப் பதிவேடே சான்றாகும். பள்ளம் திறந்து கிடக்கும் இரவுகளுக்கு எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் தனியே இருக்கட்டும்.

எனவே தனி அபராதம் கோரும் தங்கள் நாளிதழ், அதனுடன் மூன்றையும் சேர்த்து அரசிடம் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்: ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் எந்தப் பணிக்கும் வேலை உத்தரவோடு சேர்த்தே வேக வரம்பு அறிவிக்கையை வெளியிட வேண்டும், போக்குவரத்து ஏற்பாட்டுக்கு ஒப்பந்தத்தில் தனி விலை எழுத வேண்டும், விபத்து நேரும்வரை காத்திராமல், முதல் பலகை உரிய தூரத்தில் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்ததாரரின் பட்டியல் தொகையிலிருந்து பிடித்தம் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப் பொறியாளர்,
விழுப்புரம்.