பணிப்பாளர் சபைக்கு: அந்த 30 ரூபாய் எந்தக் கணக்கில் வந்தது?

மதிப்புக்குரிய தலைவர் அவர்கட்கும் பணிப்பாளர்களுக்கும்,

கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் சிறு பங்குதாரர் ஒருவன் எழுதுகிறேன். புறக்கோட்டை மொத்தக் கடையொன்றில் கணக்கெழுதி ஓய்ந்தவன். சேமலாப நிதியில் வந்த காசில் உங்கள் கம்பனியின் 20,000 பங்குகளை வாங்கி வைத்திருக்கிறேன்.

போன கிழமை பங்கிலாபம் வங்கிக்கு வந்தது. பங்குக்கு 1 ரூபாய் 44 சதம், மொத்தம் 28,800 ரூபாய். போன வருடம் 40,000. மனைவியின் இன்சுலினுக்கு என்று அந்தக் காசைத் தொடாமல் ஒதுக்கிவைப்பது வழக்கம். குறைந்த 11,200 ரூபாய்க்கு எத்தனை மாத மருந்து என்று அவ கேட்டா. பதில் சொல்லாமல் பழைய கல்குலேட்டரை எடுத்தேன்.

உங்கள் ஆண்டறிக்கையில் இலாபம் 50 கோடியிலிருந்து 54 கோடியாக ஏறியிருக்கிறது. பங்கொன்றிற்கான உழைப்பு 5 ரூபாயிலிருந்து 4.80க்கு இறங்கியதாகப் போட்டிருக்கிறது. இருபது சதம்தானே, போகட்டும். இலாபத்தில் 40 வீதம் பகிர்வது உங்கள் வழக்கம். அப்படியானால் எனக்கு 1.92 வரவேண்டும். ஏன் 1.44?

விடை ஜனவரியில் இருக்கிறது. 10 கோடிப் பங்குகள் இருந்த கம்பனியில், சந்தை விலை 50 ரூபாயாக இருந்த நேரம், ஒரே முதலீட்டாளருக்கு 5 கோடிப் புதுப் பங்குகளை 30 ரூபாய்ப்படி கொடுத்தீர்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. புதுப் பங்குகள் மூன்று மாதம் மட்டுமே இருந்ததால் நிறையிட்ட சராசரியில் அவை ஒன்றேகால் கோடியாகத்தான் எண்ணப்படும். 54 கோடியை 11.25 கோடியால் பிரித்தால் 4.80. கணக்கு நியமம் LKAS 33 அப்படித்தான் சொல்கிறது, அதில் பிழை பிடிக்க மாட்டேன். அந்தப் பணமும் மூன்று மாதம்தானே கம்பனியில் வேலை செய்தது. ஆனால் பங்கிலாபத்துக்குச் சராசரி கிடையாது. அன்றைக்குக் கையில் பங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் பங்குண்டு. 54 கோடியை 15 கோடியால் பிரித்தால் 3.60, அதில் 40 வீதம்தான் எனக்கு வந்த 1.44.

அடுத்த வருடம் எல்லாம் சரியாகும் என்று தலைவர் எழுதியிருக்கிறார். பார்ப்போம். வந்த 150 கோடியில் வங்கிக் கடன் கட்டினீர்கள். அந்தக் கடனுக்கு வட்டி 12 வீதம் என்று உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. ஒரு புதுப் பங்கு கொண்டுவந்த 30 ரூபாய் வருடத்துக்கு 3.60 வட்டியை மிச்சப்படுத்தும். 30 வீத வரி போக 2.52. ஆனால் அந்தப் பங்கு 5 ரூபாய் உழைத்த எங்கள் பங்குகளோடு சரிசமமாகப் பந்தியில் உட்காருகிறது. மூன்று மாத மிச்சம் இந்த 54 கோடிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மீதி ஒன்பது மாதத்தையும் கூட்டினால், வியாபாரம் இப்படியே போனால், அடுத்த வருட உழைப்பு 4.23. பழைய ஐந்து ரூபாயைத் தொட ஒவ்வொரு 30 ரூபாயும் வரி போக 5 ரூபாய், அதாவது 16.7 வீதம் உழைக்க வேண்டும். 50 ரூபாய்க்கு விற்றிருந்தால் 10 வீதம் போதும். ஆகவே பிரச்சினை புதுப் பங்கு அல்ல, அதன் விலை. அந்த 30 ரூபாய் எந்தக் கணக்கில் வந்தது?

விருந்தாளி வந்தால் சொதிக்குத் தண்ணீர் சேர்ப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. அவர் ஒரு தேங்காயோடு வந்தால் யாரும் குறை சொல்லார். அரைத் தேங்காயோடு வந்தவருக்கு முழுக் கோப்பை ஊற்றிவிட்டு, வீட்டுக்காரரிடம் «குடும்பம் பெருகிவிட்டது» என்று சொல்வதுதான் உறைக்கிறது. அறிக்கையின் வழவழப்பான முன்பக்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்துக்கு ஆன செலவையும் நாங்கள்தான் கட்டினோம் என்பது வேறு கதை.

இதே 30 ரூபாய்க்கு உரிமைப் பங்காக, கையிலிருக்கும் இரண்டு பங்குக்கு ஒரு புதுப் பங்கு என்று எங்களிடம் கேட்டிருக்கலாம். என்னிடம் மூன்று இலட்சம் இல்லைதான். ஆனால் அந்த உரிமையைச் சந்தையில் விற்றாவது இழப்பில் ஒரு பகுதியை மீட்டிருப்பேன். 50 ரூபாய்ப் பங்கு இரண்டோடு 30 ரூபாய்ப் பங்கு ஒன்று சேர்ந்தால் உரிமைக்குப் பிந்திய விலை கணக்குப்படி 43.33, அதில் 30 போக ஓர் உரிமையின் பெறுமதி 13.33. என்னுடைய 10,000 உரிமைகளுக்கும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தப் பெறுமதி இப்போது யாரிடம் இருக்கிறது?

சூமில் நடந்த விசேட பொதுக்கூட்டத்தில் விலையைப் பற்றி எழுதிக் கேட்டேன். «பிறகு பதில் அனுப்புவோம்» என்றார் செயலாளர். இன்னும் வரவில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வழங்கல் விலை கம்பனிக்கும் இருக்கின்ற எல்லாப் பங்குதாரருக்கும் நியாயமானதாக இருக்கவேண்டும் என்கிறது. நியாயம் என்று முடிவெடுத்தவர்களிடம் அதற்கான கணக்கும் இருக்கத்தானே வேண்டும்.

கோபம் கொஞ்சம் எழுத்தில் ஏறிவிட்டது, பொறுத்தருளுங்கள். நான் தாழ்மையுடன் கேட்பது இதுதான்: 30 ரூபாய் எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதை வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன் எழுத்தில், தமிழிலும், எல்லாப் பங்குதாரருக்கும் அனுப்புங்கள். அடுத்த காலாண்டு அறிக்கையில் 4.80க்குப் பக்கத்தில் 15 கோடிப் பங்குகளின் மீதான 3.60ஐயும் போடுங்கள். கூட்டத்துக்கு இந்த முறை நேரில் வருகிறேன், கல்குலேட்டரோடு.

இப்படிக்கு,
20,000 பங்குகளின் சொந்தக்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13