தீபாவளிக்கு மறுநாள் என்று எழுதிவிட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத்தில் ஆன்மிகத் தொடர் போடும் யூடியூப் சேனல்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்களைப் போன்ற சிறிய சேனல்களைப் பற்றி எழுத நினைத்ததற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. தீபாவளிக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள் என்று குழந்தைக்கும் தெரிந்த கந்த சஷ்டிக்குக்கூட இவர்கள் கடைசி நேரத்தில்தான் தேதி சொல்கிறார்களாம். ஒருமுறை அட்டவணை போட்டுக்கொண்டால் வருடாவருடம் அதையே ஓட்டலாமாம்.

தங்கள் அலுவலகத்தில் பஞ்சாங்கம் இல்லாமல் இருக்காது. தயவுசெய்து யாரையாவது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். திருச்செந்தூரில் சஷ்டி விழா தொடங்கியது 22, புதன். சூரசம்ஹாரம் 27. அதற்கு முந்தைய ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, சஷ்டி தொடக்கம் நவம்பர் 2. இரண்டு ஆண்டும் நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. கட்டுரையாளர் சொல்கிற "மறுநாள்" 2022-லும் 2023-லும் பொருந்தியது, பிறகு பொருந்தவில்லை. குழந்தைக்குத் தெரிந்தது கட்டுரையாளருக்குத் தெரியாமல் போனது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் தெரியாததை வைத்துக்கொண்டு எங்களைச் சோம்பேறிகள் என்று எழுதியது மனதை வருத்துகிறது.

நானும் என் தம்பியும் கந்தபுராணக் கதையை ஆறு பகுதிகளாக, விரதத்தின் ஆறு நாளுக்கும் ஒன்றாகப் போடுகிறோம். கதை எழுதுவதும் சொல்வதும் நான். கேமராவும் எடிட்டிங்கும் தம்பி. நடமாட முடியாமல் வீட்டிலேயே விரதம் இருக்கும் வயதானவர்கள்தான் எங்களைப் பெரும்பாலும் பார்க்கிறார்கள். விடிகாலையில் குளித்து விளக்கேற்றியதும் போனை எடுத்து "முதல் நாள்" என்று எங்கள் வீடியோ வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, விரதத்தின் ஒரு பகுதி.

2024-இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டு எங்கள் வீடியோக்களை ஏற்றி நேரம் குறிக்கும் வேலையை ஒரு ஸ்டூடியோவிடம் கொடுத்திருந்தோம். தேதிகளை எழுதி அனுப்பியும், அவர்கள் அதைப் பார்க்காமல் முந்தைய ஆண்டுக் கணக்கையே வைத்து, தீபாவளிக்கு மறுநாளான நவம்பர் 1 அன்று விடிகாலையில் முதல் வீடியோ வெளியாகும்படி செய்துவிட்டார்கள். அன்று மாலை ஆறு மணி தாண்டும்வரை அமாவாசை. பொழுது விடிவதற்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு பாட்டியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. "எம்மா, உன் வீடியோவைப் பார்த்துட்டு நான் காப்புக் கட்டிட்டேனே. இப்ப இன்னிக்கு இல்லைங்குறாங்க. அவுத்துட்டு மறுபடி கட்டலாமா, குத்தமாயிருமா?" அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஸ்டூடியோக்காரரைக் கேட்டால், "தீபாவளிக்கு மறுநாள்தானேம்மா எப்பவும்?" என்றார். தங்கள் கட்டுரையில் அதே வார்த்தையைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏன் இப்படி மாறுகிறது என்பது கட்டுரையாளருக்குத் தெரியாவிட்டாலும் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நம் ஊரில் தீபாவளி, விடிகாலையில் சதுர்த்தசி இருக்கும் நாளுக்கு. சூரசம்ஹாரம், சாயங்காலம் சஷ்டி திதி இருக்கும் நாளுக்கு. ஒன்றுக்கு விடிகாலை, மற்றதற்கு மாலை. திதியோ சூரியன் உதிக்கும்போது தொடங்கி மறு உதயத்தில் முடிவது இல்லை. சில திதி ஒரு நாளைவிடக் குறைவு, சில அதிகம். அதனால் தீபாவளியிலிருந்து சம்ஹாரத்துக்கு 2023-இல் ஆறு நாள் ஆனது, 2025-இல் ஏழு நாள் ஆனது.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நவம்பர் 18 காலை ஒன்பது மணிக்கு மேல்தான் சஷ்டி பிறந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல் முடிந்துவிட்டது. சூரிய உதயத்தில் என்ன திதியோ அதை மட்டும் அச்சிடும் தேதித்தாளைப் பார்த்தவர்களுக்கு சஷ்டி 19 அன்று. ஆனால் 19 மாலையில் சஷ்டி ஏது? திருச்செந்தூர்க் கடற்கரையில் சம்ஹாரம் 18 மாலையிலேயே முடிந்துவிட்டது. அமாவாசை கழிந்து பிரதமையிலிருந்து எண்ணலாம் என்றாலும் கணக்கு உதைக்கும். 14 காலையில்தான் உதயத்தில் பிரதமை. அங்கிருந்து 18 வரை ஐந்தே நாள். ஆறு நாள் விரதம் வேண்டுமே! அதனால்தான் 13 அன்றே விழா தொடங்கியது. முன்னாலிருந்து எண்ணினால் தவறும். சம்ஹாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஒருபோதும் தவறாது.

இன்னொன்றும் அந்த ஆண்டு நடந்தது. சஷ்டி என்றால் ஐப்பசி வளர்பிறை சஷ்டி என்று எல்லோரும் சொல்கிறோம். 2023-இல் ஐப்பசி வளர்பிறை சஷ்டி என்று பஞ்சாங்கத்தில் தேடினால் கிடைப்பது அக்டோபர் 20, அதாவது ஐப்பசி 3. அது நவராத்திரியின் நடுவில் வருகிறது! உண்மையான சூரசம்ஹாரம் கார்த்திகை 2-ஆம் தேதி. அந்த ஆண்டு சந்திரக் கணக்கில் கூடுதலாக ஒரு மாதம், அதாவது அதிக மாதம் வந்து எல்லாப் பண்டிகையும் பின்னால் தள்ளிப்போனதால் இந்தக் குழப்பம். ஐப்பசி அமாவாசைக்குப் பிறகு வரும் சஷ்டி என்று பிடித்துக்கொண்டால்தான் சரியாக வரும். ஐப்பசி மாதத்துக்குள் வரும் சஷ்டி என்று பிடித்தால் மாட்டிக்கொள்வோம்.

வருடாவருடம் ஓட்டலாம் என்கிறாரே, சம்ஹார நாள் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 2022-இல் அக்டோபர் 30. 2023-இல் நவம்பர் 18. 2024-இல் நவம்பர் 7. 2025-இல் அக்டோபர் 27. சந்திரனின் பன்னிரண்டு மாதம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு என்பதால் சாதாரண ஆண்டில் பதினொரு நாள் முன்னால் வரும். நடுவில் அதிக மாதம் விழுந்த ஆண்டில் பத்தொன்பது நாள் பின்னால் போகும். 2026-லும் அதிக மாதம் உண்டு. தீபாவளி நவம்பர் 8. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

எங்களிடம் அட்டவணை இல்லாமல் இல்லை. எக்செல் தாளில் ஆங்கிலத் தேதி ஒரே ஒரு கட்டத்தில்தான் இருக்கும்: சம்ஹார நாள். மற்ற எல்லா வரியும் அதிலிருந்து கழித்துத் தானாக வரும். முதல் வீடியோ சம்ஹாரத்துக்கு ஐந்து நாள் முன் விடிகாலை. ஐந்தாம் பகுதி சிக்கல் தலத்தில் முருகன் அன்னையிடம் வேல் வாங்கும் கதை. அது சம்ஹாரத்துக்கு முந்தைய நாள் மாலையில் வந்தாக வேண்டும், சிக்கலில் வேல் வாங்குவதும் அன்று இரவுதானே. ஆறாம் பகுதி சம்ஹாரத்தன்று மதியத்துக்குள். அதைத் தாண்டினால் எல்லோரும் திருச்செந்தூர் நேரலைக்குப் போய்விடுவார்கள். கதையை ஆடியிலேயே பதிவு செய்துவிடுவோம், அதில் ஒரு இடத்தில்கூடத் தேதியோ கிழமையோ சொல்ல மாட்டேன். "விரதத்தின் மூன்றாம் நாள்" என்றுதான் சொல்வேன். முகப்புப் படத்திலும் தேதி கிடையாது, தலைப்பில் ஆண்டு மட்டும் இருக்கும். ஆண்டு போடாத பழைய வீடியோக்கள் தேடலில் மேலே வந்து, போன வருடத் தேதியை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

அந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான் நாங்கள் கடைசிவரை காத்திருக்கிறோம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் மணிக்கணக்கில் வித்தியாசம் வருவது உண்டு. கோயில் அறிவிப்பைப் பார்க்காமல் தேதி போட்டால், காப்புக் கட்டிவிட்டு அழுகிறவர்கள் எங்களுக்குத்தான் போன் செய்வார்கள், கட்டுரையாளருக்குச் செய்ய மாட்டார்கள்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் இதழ் ஆண்டுத் தொடக்கத்தில் தரும் விசேஷ நாட்கள் இணைப்பைப் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் எந்த நாளுக்கும் திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதே இருப்பதில்லை. எந்தப் பஞ்சாங்கப்படி என்றும் இருப்பதில்லை. "சஷ்டி விரதம்" என்று ஒரு தேதி மட்டும் இருக்கும். அது முதல் நாளா, ஆறாம் நாளா என்று படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். இதைப் பற்றி முன்பே கடிதம் எழுதினேன், அச்சில் வரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். சாமி கதையை வைத்து வியாபாரம் செய்கிறார்கள் என்று முன்பு ஒரு துணுக்கு வந்தபோதும் பேசாமல் இருந்தேன். எங்கள் தொடரில் விளம்பரதாரர் என்று யாரும் கிடையாது. கேட்டு வந்த ஒருவரும், எந்தத் தேதி என்று ஆவணியிலேயே உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றார். கோயில் அறிவித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றோம், போய்விட்டார். தேதிக்காகப் பணத்தை விட்டவர்களைத்தான் தங்கள் இதழ் பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு இணைப்பில், நகரும் பண்டிகைகளுக்கு எதிரே திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், பின்பற்றிய பஞ்சாங்கத்தின் பெயரும் போடுங்கள். கந்த சஷ்டிக்கு முதல் நாளையும் சம்ஹார நாளையும் தனித்தனியாகக் குறியுங்கள். "தீபாவளிக்கு மறுநாள்" என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால், அதை வெட்டி அந்த ஸ்டூடியோக்காரருக்கு அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
கந்தபுராணத் தொடர் தயாரிக்கும் ஒரு வாசகி,
கோவில்பட்டி