கஞ்சமலைக் கறுப்புச் சோறு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கும்வரை உட்கார்ந்து எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மழை நின்றதும் ஏற்காடு குளிர ஆரம்பித்திருக்கும், அம்மாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

உங்கள் பள்ளி விழாவில் ஒரு வகுப்பறையை, புதிரை அவிழ்த்து வெளியே வரும் புதிர் அறையாக மாற்றப் போகிறோம், சேர்வராயன் கதையை வைத்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். போன வருடம் நாங்கள் கஞ்சமலைக் கதையை வைத்துச் செய்ததை முழுதாகச் சொல்கிறேன், எங்கே சறுக்கியது என்பதையும் சேர்த்து.

கஞ்சமலைச் சித்தர்கோவில் கதை உனக்கு ஞாபகம் இருக்கும், எட்டாவது படிக்கும்போது அமாவாசைக்கு இளம்பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோமே. பல விதமாகச் சொல்வார்கள், நடுக்கதை ஒன்றுதான். குருவுக்குச் சோறு பொங்கிய வயதான சீடன் கையில் கிடைத்த ஒரு குச்சியால் கிண்ட, சோறு கறுத்துப் போகிறது. குரு திட்டுவாரே என்று பயந்து அதைத் தானே தின்றுவிட்டு வேறு சோறு வடிக்கிறான். திரும்பி வந்த குரு பார்த்தால், எதிரே நிற்பவன் இளைஞன்.

முதலில் நான் செய்த தப்பு, கதையைச் சுவரில் படமாக ஒட்டிவிட்டுப் புதிரைத் தனியாக வைத்தது. கூட்டல் கணக்கு போட்டால் பூட்டின் எண் கிடைக்கும் என்று வைத்திருந்தேன். ஒத்திகைக்கு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கதை இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு அப்படியேதான் இருந்திருக்கும், பிறகு அவர்கள் எதற்குப் பார்ப்பார்கள்? அன்று ராத்திரி யோசித்ததில் தோன்றியது இதுதான்: கதையில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன, வெள்ளை கறுப்பாகிறது, கிழவன் இளைஞனாகிறான். அந்த இரண்டையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும்.

கஞ்சமலையில் இரும்புக்கல் உண்டு இல்லையா, மாக்னடைட். மழைக்குப் பிறகு அடிவாரத்து ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்பு மண் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இழுக்க வேண்டும், பையிலிருந்து காந்தத்தை உருவியதும் மண் தானாக உதிர்ந்துவிடும், வெறும் காந்தத்தில் ஒட்டினால் ஜென்மத்துக்கும் வராது. இரண்டு கை மண் போதும். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துவிடு, ஈரம் இருந்தால் கட்டி கட்டியாகிவிடும்.

பானைக்குப் பதிலாக வாயகன்ற அலுமினியச் சட்டி எடுத்தோம். இரும்பு ஆகாது, காந்தத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். உள்ளே மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, அதன் அடியில் ஒரு அட்டையில் பத்து மில்லிமீட்டர் வட்டக் காந்தங்களை 4, 7, 3 என்ற வடிவத்தில் ஒட்டினேன். மேலே கறுப்பு மண்ணைத் தூவி, மரக் கரண்டியால் கிண்டச் சொன்னால், ஓடுகிற மண் காந்தம் இருக்கும் இடத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. வெள்ளைத் தட்டில் எண்கள் கறுப்பாக, முள் முள்ளாக எழுந்து நிற்கும். அதைப் பார்த்து ஒரு பெண் “டீச்சர், சோறு கறுத்துடுச்சு” என்று கத்தினாள் பார், நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை.

உண்மையான அரிசியைத்தான் முதலில் நினைத்தேன். சமையல்கார அக்கா, திங்கிற பொருளை மண்ணில் கலந்து விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி, தவிர அரிசி இரண்டு சுற்றிலேயே அழுக்காகியிருக்கும்.

காந்தம் ஒட்டும்போது ஒன்றை ஒட்டிப் பசை காய்ந்த பிறகே அடுத்ததை வை, இல்லாவிட்டால் இரண்டும் தாவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. ஒட்டி முடித்ததும் மேலே இன்னொரு அட்டையை வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு மூடிவிடு. இதில் கவனக்குறைவே கூடாது, அந்தச் சின்னக் காந்தங்களில் இரண்டைச் சிறு பிள்ளை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டை போட்டுவிடும். எண்களில் 6, 9 வேண்டாம், சட்டி வட்டம், எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்த சுற்றுக்குத் தயார் செய்வது சுலபம். அடியில் இருக்கும் அட்டையை உருவினால் மண் மறுபடி சாதாரண மண்ணாகிவிடும், தட்டைத் தட்டிவிட்டு அட்டையைத் திரும்பச் சொருகினால் முடிந்தது.

இரண்டாவது மாற்றத்துக்குச் சிவப்பு செல்லோஃபேன் தாள். வெள்ளைத் தாளில் இளைஞன் முகத்தை வெளிர் நீலத்தில் வரைந்து, அதே இடத்தில் தாடி, சுருக்கம், நரைமுடி எல்லாவற்றையும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடர்த்தியாக வரைய வேண்டும். வெறும் கண்ணுக்குக் கிழவர் தெரிவார். செல்லோஃபேன் வழியாகப் பார்த்தால் சிவப்புக் கோடுகள் தாளோடு கரைந்து, நீலக் கோடுகள் கறுப்பாகத் தெரியும், இளைஞன் வந்துவிடுவான். எல்லாச் சிவப்புப் பேனாவும் மறைவதில்லை, ஆரஞ்சு கலந்த சிவப்பு நன்றாக மறைந்தது, வாங்கும் முன் கடையிலேயே தாளை வைத்துப் பார். அறை இருட்டாக இருந்தால் ஒன்றும் தெரியாது. மர்மமாக இருக்கட்டும் என்று ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடியிருந்தேன், ஒத்திகையில் படம் தெரியவே இல்லை, கழற்றிவிட்டேன்.

சட்டியில் கிடைத்த எண்ணால் பெட்டி திறக்கும், பெட்டிக்குள் செல்லோஃபேன் ஒட்டிய சட்டம் இருக்கும், அதன் வழியே படத்தைப் பார்த்தால் இளைஞனின் கழுத்து மணிமாலையில் ஒரு சொல் தெரியும், அதை வாசலில் இருக்கும் குருவிடம் சொன்னால் வெளியே வரலாம். ஆளுக்கு ஒரு கறுப்பு எள்ளுருண்டை பரிசு. இவ்வளவுதான் முழு அறையும். கதவை நிஜமாகப் பூட்டவே பூட்டாதே, ஒருச்சாய்த்து வைத்தால் போதும்.

இப்போது பூட்டு. எண் பூட்டு வாங்காதே கலா. 500 ரூபாய்க்கு மேல் செலவழித்து மூன்று வாங்கினேன். அந்த மாதிரிப் பூட்டு திறந்திருக்கும்போது கொக்கியைத் திருப்பி அழுத்தினால் எண் மாறிவிடும், ஒத்திகையில் ஒரு பையன் தெரியாமல் அதைச் செய்துவிட, நானும் பி.டி. சாரும் 000-இலிருந்து ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்னொரு கோளாறும் உண்டு. மூன்றில் இரண்டு எண் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் மூன்றாவதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், பத்து முறை திருகிப் பார்ப்பார்கள், அது புதிரே இல்லை. கடைசியில் பூட்டை எல்லாம் எடுத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் காவலுக்கு உட்கார வைத்தோம். எண்ணை அவளிடம் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் ஒரு நிமிடம் அவள் பேச மாட்டாள். சும்மா ஊகித்துச் சொல்வது அத்தோடு நின்றது, எந்தக் குழு எங்கே திணறுகிறது என்று பார்த்து அவளே துப்பும் கொடுத்தாள்.

நேரக் கணக்கை முதலிலேயே போட்டுவிடு. விளையாட 12 நிமிடம், அடுக்கி வைக்க 3 நிமிடம் என்றால் மணிக்கு நான்கு குழு, குழுவுக்கு ஆறு பேர், ஐந்து மணி நேரத்தில் 120 பேர்தான். எங்களிடம் ஆறாவது முதல் எட்டாவது வரை 340 பிள்ளைகள். அதனால் எல்லாவற்றையும் இரண்டு செட் செய்து அறையின் நடுவில் புடவைத் திரை கட்டி, நேரத்தை 8 நிமிடமும் அடுக்க 2 நிமிடமும் என்று குறைத்தோம். மணிக்கு 72 பேர், ஐந்து மணி நேரத்தில் 360. இதனால்தான் இரண்டே புதிர். மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தால் பாதிப் பிள்ளைகள் வரிசையிலேயே நின்றிருப்பார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு டீச்சர் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது ரொம்ப முக்கியம், கஞ்சமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்த கதையாக இருந்தால் மற்றவர்களுக்கு அநியாயம்.

ஒரு குறை கடைசிவரை தீரவில்லை. ஆறு பேரில் வேகமான ஒரு பிள்ளை கரண்டியைப் பிடுங்கிக்கொள்ளும், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்கு உன் மலையிலேயே மருந்து இருக்கிறது என்பதால்தான் சேர்வராயன் வேண்டாம் என்கிறேன். இன்னொரு காரணம், சேர்வராயனின் குகைக் கோயில் இன்றைக்கும் கும்பிடுகிற இடம். மே மாதத் திருவிழாவுக்கு உன் வகுப்பு மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் குடும்பத்தோடு போகிறவர்கள், அவர்கள் சாமியைப் புதிர்ப் பெட்டிக்குள் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர்கள் சொல்லும் அண்ணன் தம்பி மூவர் கதையை எடு. காஞ்சிபுரத்திலிருந்து வந்து, மூத்தவர் சேர்வராயன் மலைக்கும் நடுவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் பிரிந்து போனார்களே, அது. அந்தக் கதையில் நடப்பது பிரிவு. ஆறு பேரை இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று மூலையில் மூன்று திரைக்குப் பின்னால் நிறுத்து. ஒவ்வொரு மலைக்கும் பாதை வரைபடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், அதைக் காட்டக் கூடாது, குரல் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். மூத்தவர் மூலையில் தொடக்கம், நடுவர் மூலையில் திருப்பங்கள், இளையவர் மூலையில் எந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்ற அடையாளம். யாராவது ஒரு மூலை வாயைத் திறக்காவிட்டால் விடை வராது, ஆக ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. தாள்களை மேசையோடு கயிறு போட்டுக் கட்டிவிடு, பத்தாவது சுற்றில் ஒன்று காணாமல் போகும். திரைகளுக்கு நடுவே குறைந்தது எட்டடி விடு, இல்லாவிட்டால் எட்டிப் பார்த்துவிடுவார்கள். இரண்டு செட் போட்டால் இரண்டு வகுப்பறை வேண்டும், ஒரே அறையில் கத்தினால் ஒருவர் வரைபடம் இன்னொரு குழுவுக்குக் கேட்டுவிடும்.

கதையை நீயாக எழுதாதே. ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள், உன் பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல், அவர்கள் சொன்ன மரத்தையும் பாதையையும்தான் வரைபடத்தில் போடு. முடிந்தால் அவர்களையே வரிசையில் கதை சொல்ல உட்கார வை.

அறையின் நீள அகலமும் எத்தனை பிள்ளைகள் என்பதும் எழுதி அனுப்பு. இரண்டாவது சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் மேலே வருகிறேன், திரைக்குப் புடவைகளும், சட்டியும் கறுப்பு மண்ணும் கொண்டு வருகிறேன், ஒரு தடவை உன் பிள்ளைகள் கிண்டிப் பார்க்கட்டும். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் எனக்குத் தலை சுற்றும், ஸ்டாண்டில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு நில்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சாந்தி