ஹேஷ்டேக் எழுதும் முறை: உறுப்பினர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டை கைவினைக் கண்காட்சிக்காக நேற்று அனுப்பிய பதிவுகளில் #ranipetshow என்று முழுக்கச் சிறிய எழுத்தில் இருந்தது. அதை ராணி பெட் ஷோ என்று பிரித்துப் படித்த ஒருவர், தம் நாய்க்குட்டியை அழைத்து வரலாமா என்று கேட்டுவிட்டார். தவறு அவருடையது அன்று. சொல் எங்கே முடிகிறது என்று நாம்தான் காட்டவில்லை.

இனி ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இடுங்கள்: #RanipetShow. ஊர்ப்பெயர் ஒரே சொல் என்பதால் நடுவில் P பெரிதாகக் கூடாது. #RaniPetShow என்றால் பழைய குழப்பமே திரும்பும். தேடலில் எழுத்தின் அளவு கணக்கில் வராது. பழைய பதிவுகளும் சேர்ந்தே கிடைக்கும்.

பார்வையற்ற நண்பர்களின் திரைவாசிப்பான் பெரிய எழுத்தை வைத்தே சொற்களைப் பிரித்து உச்சரிக்கிறது. இல்லாவிட்டால் #velloreartshow அவர்கள் காதில் ஒரே குழறலாக விழக்கூடும். கண்ணால் படிப்பவருக்கும் அது ஆர்ட் ஷோவா, ஆர்ட்ஸ் ஹவ்வா என்று ஒரு கணம் தடுமாறும். கடைப் பெயர்களுக்கும் இதே முறைதான்.

தமிழில் பெரிய எழுத்து இல்லை. அங்கே அடிக்கோடு இடுங்கள்: #வேலூர்_கோட்டை. இடைவெளியோ சிறுகோடோ விட்டால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும்.

தட்டச்சு செய்யும்போது செயலி பழைய சிறிய எழுத்து வடிவத்தையே பரிந்துரைக்கக்கூடும். அதைத் தொடாமல் முழுவதையும் நீங்களே அடித்து, அனுப்பும் முன் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்.